எடைமேடை வரைபடம்: இழுத்து வரைவதா, எழுதி வரைவதா?

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலைகளுக்கு எடைமேடை மென்பொருள் செய்துதரும் எங்கள் குழுவில், பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வருவது முதல் எடைச்சீட்டோடு வெளியேறுவது வரையிலான வரைபடம் ஆலையின் நடைமுறை மாறும்போதெல்லாம் மாறுகிறது. இதை டிரா.ஐஓ போன்ற இழுத்து வைக்கும் கருவியில் வைத்திருப்பதா, மெர்மெய்ட் போன்று வரிகளாக எழுதும் கருவியில் வைத்திருப்பதா என்பதற்கு, மாறப்போவது எது என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதல் எடைக்கும் இறக்கும் மேடைக்கும் நடுவில் தரம் பார்க்கும் கட்டம் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெர்மெய்டில் அந்த மாற்றம் இவ்வளவுதான்:

```
- A["முதல் எடை"] --> C["இறக்கும் மேடை"]
+ A["முதல் எடை"] --> B["தரம் பார்த்தல்"]
+ B --> C["இறக்கும் மேடை"]
```

மாற்றத்தைச் சரிபார்ப்பவர் எது போனது, எது வந்தது என்பதைப் படத்தைத் திறக்காமலே அறிந்துகொள்கிறார். டிரா.ஐஓ கோப்பும் எக்ஸ்எம்எல் எழுத்துதான் என்றாலும், ஒவ்வொரு பெட்டியின் இடமும் அதில் எண்களாகப் பதிவாகிறது. புதிய பெட்டிக்கு இடம் விடக் கீழே உள்ளவற்றை நகர்த்தினால் அந்த எண்கள் அனைத்தும் மாறி, உண்மையான மாற்றம் அவற்றுக்குள் மறைந்துவிடும். இருவர் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திருத்திக் கிட்டில் இணைக்க முயன்றால், அந்த மோதலைக் கையால் பிரிப்பது பெரும் வேதனை. அம்புக்குறியின் முனை பெட்டியோடு உண்மையில் ஒட்டாமல் அருகில் மட்டும் நின்றிருந்தால், பெட்டியை நகர்த்தும்போது அது பின்தங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் மெர்மெய்டில் பெட்டிகளின் இடத்தைக் கருவியே முடிவு செய்கிறது. தரம் குறைந்த குலைகளைத் திருப்பியனுப்பும் கிளையொன்றைச் சேர்த்தவுடன், இடப்பக்கம் இருந்த பெட்டி வலப்பக்கம் போய்விடலாம். பழைய படத்துக்குப் பழகிய கண் தடுமாறும். பெட்டிகள் பெருகப் பெருகக் கோடுகளும் குறுக்கிட்டுக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு படத்தை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. பாய்வுப்படத்தில் ஒரு பெட்டிக்குச் சிறிய எழுத்தில் `end` என்று பெயர் வைத்தால் முழுப் படமும் போய்ப் பிழைச்செய்தி மட்டுமே தெரியும் என்பதால், `End` என எழுத வேண்டும்.

லோரி நிறுத்தும் இடம், எடைமேடை, கேமரா ஆகியவை ஆலை வளாகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் படத்துக்கு மெர்மெய்ட் சற்றும் பொருந்தாது, ஏனெனில் அங்கே இடமே செய்தி. அதை டிரா.ஐஓவில் `.drawio.svg` கோப்பாக வைத்தால், பார்ப்பதற்கும் பிறகு திருத்துவதற்கும் அந்த ஒரே கோப்பு போதும்.

நடைமுறைப் படத்தை மெர்மெய்டுக்கு மாற்றவே நான் சொல்வேன், திருத்துபவர்கள் நிரலர்களாக இருக்கும்வரை. எடைமேடை எழுத்தரே திருத்த வேண்டுமென்றால் அவருக்கு டிரா.ஐஓதான் ஏற்றது, அவர் பார்த்துச் சொன்னாலே போதுமென்றால், அச்சிட்ட படத்தில் அவர் பேனாவால் குறித்ததை நிரலர் ஒருவர் வரிகளில் ஏற்றிவிடலாம்.