நிறமா, தெர்மாமீட்டரா? சேலத்திலும் ஏற்காட்டிலும் பிரெட் வெந்ததை அறிவது

வீட்டில் பிரெட் சுடுகிறவர்கள் வெந்துவிட்டதா என்று பார்க்கப் பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் நம்புகிறார்கள். ஒன்று, மேல்தோல் நன்றாகச் சிவந்ததும் எடுத்துவிடுவது. மற்றது, தெர்மாமீட்டரை நடுவில் குத்தி உள்சூட்டைப் பார்ப்பது. அடியில் தட்டிச் சத்தம் கேட்பதும் உண்டு. ஆனால் டின்னில் வேகும் மெத்தென்ற பிரெட்டில் அந்தச் சத்தம் தெளிவாக வராது, அதனால் அதை விட்டுவிடலாம்.

மேல்தோல் சிவப்பதற்கு முக்கியக் காரணம் மெய்லார்ட் வினை. லூயி கமில் மெய்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இதை விவரித்தார். மாவிலும் பாலிலும் இருக்கும் புரதமும், குளுக்கோஸ், லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் அந்த வறுபட்ட வாசனையையும் தருகின்றன. சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் இது வேகமெடுக்கும். சர்க்கரை தானாகவே உருகிப் பழுப்பாவது இன்னும் சூடேறிய பிறகுதான். ஆனால் ஈரம் இருக்கும்வரை மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. முதலில் காய வேண்டும், அப்புறம்தான் சிவக்கும். உள்பாகம் கடைசிவரை ஈரமாகவே இருப்பதால் அங்கே அந்தச் சூடு வருவதே இல்லை. ஆக, நிறம் சொல்வது தோலைப் பற்றி மட்டும்தான். உள்ளே வெந்ததா என்பதை அதிலிருந்து நாம் ஊகிக்கிறோம்.

அந்த ஊகம் எப்போது தப்பும் என்பதற்குப் பால் பிரெட் நல்ல உதாரணம். 300 கிராம் மைதா, 30 கிராம் சர்க்கரை, தண்ணீருக்குப் பதில் பால், கொஞ்சம் வெண்ணெய். ஓடிஜியில் 180 டிகிரி. லாக்டோஸும் பால் புரதமும் சேர்ந்திருப்பதாலும், நாம் போட்ட சர்க்கரையை ஈஸ்ட் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து வைத்திருப்பதாலும், 20 நிமிடத்திலேயே மேலே அழகான செம்பழுப்பு வந்துவிடும். மேல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அப்போது நடுவில் குத்திப் பார்த்தால் 75-ஐ ஒட்டித்தான் காட்டும். நிறத்தை நம்பி எடுத்தால், ஆறும்போது பக்கச் சுவர்கள் உள்ளே குழிந்துவிடும். அறுத்தால் அடியில் ஈரமாக, கத்தியில் ஒட்டும் ஒரு பட்டை தெரியும். மேலே ஃபாயில் போட்டு இன்னும் 12, 15 நிமிடம் விட்டு, உள்ளே 88 முதல் 90 வந்ததும் எடுக்க வேண்டும்.

சேலத்து வெயிலில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சித்திரையில் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கினால், ஈஸ்ட் இருக்கிற சர்க்கரையையெல்லாம் தின்றுவிடும். மைதா, தண்ணீர், உப்பு மட்டும் போட்ட வெறும் பிரெட் என்றால் நிறம் பிடிக்கச் சர்க்கரையே மிஞ்சாது. உள்ளே 97 டிகிரி, நன்றாக வெந்தாயிற்று, மேலே இன்னும் வெளிறிய சந்தன நிறம். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தோல் தடித்து ரஸ்க் போல ஆகிவிடும்.

இதுவரை பார்த்தால் தெர்மாமீட்டரே மேல் என்று தோன்றும். சேலத்தில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒருநாள் போனில் கேட்டாள்: “அண்ணி, 97 வரணும்னு சொன்னீங்க. இங்க 94-ஐத் தாண்டவே மாட்டேங்குது, மேல கருக ஆரம்பிச்சிருச்சு.” தெர்மாமீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், சேலத்தில் 99. பிரெட்டின் ஈரமான உள்பாகம் அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. 97-க்காகக் காத்திருந்தால் அது வரவே வராது. அதற்குள் ஈரம் ஆவியாகி உள்பாகம் வறண்டுவிடும்.

நிறத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. காய்ந்த தோலுக்கும் தண்ணீரின் கொதிநிலைக்கும் தொடர்பு அற்றுவிடுவதால், 140 டிகிரிக் கணக்கு மலையிலும் அதேதான். சமவெளியில் பழகிய செம்பழுப்பை மேலேயும் அப்படியே எதிர்பார்க்கலாம். மாற்ற வேண்டியது தெர்மாமீட்டர் கணக்கைத்தான்.

அதற்கு எளிய வழி, கொதிக்கும் தண்ணீரில் தெர்மாமீட்டரை நனைத்துப் பார்ப்பது. அது காட்டும் எண்ணிலிருந்து 2, 3 டிகிரி கழித்தால் வெறும் பிரெட்டுக்கான இலக்கு கிடைக்கும். ஏற்காட்டில் 92, 93. பால் பிரெட்டுக்கு 88 என்பது கொதிநிலைக்குக் கீழேயே இருப்பதால் இரண்டு ஊரிலும் மாற்ற வேண்டாம்.

பால் பிரெட்டுக்கு நான் தெர்மாமீட்டரைத்தான் நம்புவேன், எந்த ஊரானாலும். வெறும் பிரெட்டில், மாவு அளவாகப் புளித்திருந்தால், நிறத்துக்கே என் ஓட்டு. அங்கே சர்க்கரை குறைவு என்பதால் தோல் மெதுவாகத்தான் சிவக்கும். 220 டிகிரியில் அது நன்றாகச் சிவப்பதற்குள் உள்பாகம் எப்போதோ வெந்திருக்கும். நாத்தனாரிடமும் அதையே சொன்னேன்: 92 வந்ததும் எடுத்துவிடாமல், தோல் சிவக்கும்வரை இன்னும் சில நிமிடம் விடு, கருகுவதற்கு முன்னால் எடு.