தரைக்கு அடியில் கொட்டுவதை நின்று பாருங்கள்: பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேளச்சேரிக்குத் தெற்கே இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டினோம். இடித்த செங்கல்லை உடைத்து பேஸ்மெண்ட் நிரப்பப் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை மாநகராட்சியின் இடிபாட்டு மையத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். ஒப்பந்ததாரர் இரண்டையும் செய்யவில்லை, இரண்டுக்கும் பணம் மட்டும் வாங்கிக்கொண்டார். வழக்கு நடப்பதால் அவர் பெயரைச் சொல்ல முடியாது. ஏமாற்றிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இடிபாட்டை வைத்து நிரப்புவது தவறே இல்லை. நன்றாக வெந்த செங்கல், சுண்ணாம்புக் காரை இதெல்லாம் அருமையான நிரப்புப் பொருள். தண்ணீர் பட்டால் களிமண்ணைப் போல ஊதாது, காய்ந்தால் சுருங்காது. ஆனால் மூன்று அங்குலத்துக்கு மேல் ஒரு துண்டும் இருக்கக் கூடாது. கம்பி, மரம், பிளாஸ்டிக், ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மரம் மக்கினால் அந்த இடம் பள்ளம், கூடவே கரையான். ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டை அரிக்கும். இப்படிச் சுத்தம் செய்த செங்கல் உடைசலோடு ஏறக்குறைய சம அளவு கிராவலோ சவுடோ கலந்தால்தான் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அடையும். பிறகு அரையடிக்கும் சற்று மேலாக ஒரு அடுக்கு பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. கஷ்டமான வேலை இல்லை. பொறுமை வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். பேஸ்மெண்ட் 30-க்கு 40 அடி, நிரப்ப வேண்டிய உயரம் 3 அடி. அதாவது 3,600 கன அடி, 36 யூனிட். லாரியில் வரும் மண் உதிரியாக இருக்கும், இடித்தால் அமுங்கும். அதனால் உதிரிக் கணக்கில் சுமார் 45 யூனிட் வேண்டும். பழைய வீட்டின் ஒன்பது அங்குலச் சுவர்களை அளந்து பார்த்ததில் ஜன்னல் கதவு போக 10 யூனிட் கட்டுமானம் இருந்தது, உடைத்தால் 15 யூனிட் வரும். ஆக வெளியிலிருந்து வாங்க வேண்டியது 30 யூனிட். ஒப்பந்ததாரர் பில் போட்டதும் சரியாக 30 யூனிட் கிராவலுக்குத்தான். தாளில் எல்லாம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

டைல்ஸ் போட்டு முடித்து வந்த முதல் மழையிலேயே குறை தெரிய ஆரம்பித்தது. ஹால் நடுவில் நாணயத்தால் தட்டினால் டொக் டொக் என்று காலிச் சத்தம். ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கியது, ஏனென்றால் தரைக்கடியில் போன குழாய் மண்ணோடு இறங்கி அதன் வாட்டமே மாறிவிட்டது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இதை வைத்தே எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் சொல்லிவிட்டார்: “தம்பி, சுவர் பிளிந்த் பீம்ல நிக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலை. தரை மட்டும்தான் மண்ணு மேல நிக்குது. கோளாறு ரொப்பினதுலதான். ஒரு இடத்துல தோண்டிப் பாருங்க.”

ஹாலின் ஒரு மூலையில் தோண்டினோம். மேலே அரையடிக்கு நல்ல சிவப்பு கிராவல். அதற்குக் கீழே அஸ்திவாரக் குழியில் எடுத்த அதே கறுப்புக் களிமண், கட்டி கட்டியாக. அதற்கும் கீழே பழைய தளத்துக் கான்கிரீட் பலகைகள், உடைக்காமல், கம்பி நீட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இரண்டு பலகைகளுக்கு நடுவே கையை முழங்கை வரை விட முடிந்தது. உள்ளே காற்றுதான். ஒரு ஜன்னல் சட்டமும் சிமெண்ட் மூட்டைச் சாக்குகளும் அப்படியே கிடந்தன.

நடந்தது இதுதான். காய்ந்த களிமண் கட்டிகள் கெட்டியாகத் தெரியும், ஏறி நின்றால்கூட அசையாது. “மேல லாரியே ஓட்டலாம் சார்” என்று மேஸ்திரி சொன்னது அந்த நாளைக்கு உண்மைதான். மழைநீர் உள்ளே ஊறியதும் கட்டிகள் குழைந்து பலகைகளின் இடுக்குக்குள் இறங்கின, அவற்றோடு மேலிருந்த கிராவலும் இறங்கியது. 1,200 சதுர அடிக்கு அரையடி கிராவல் என்றால் வெறும் 6 யூனிட், உதிரியாகக் கணக்கிட்டாலும் 8-ஐத் தாண்டாது. மிச்சம் 22 யூனிட்டுக்கு வராத மண்ணுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். அப்புறப்படுத்தியதாகத் தனியாக லாரி வாடகை வாங்கிய களிமண்ணும் கான்கிரீட்டும் எங்கள் தரைக்கடியிலேயே இருந்தன. ஒரே பொருளில் இரண்டு பக்கமும் சம்பாதித்திருக்கிறார்.

உள்ளே அடங்காத மிச்சம் எங்கே போனது என்பது மாநகராட்சி ஊழியர் கைபேசியில் ஒரு படத்தோடு வந்தபோது தெரிந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் நீர்நிலையின் ஓரத்தில் இரவில் கொட்டிய குவியல். அதன் உச்சியில் தாத்தா பெயரும் வீட்டு எண்ணும் பொறித்த எங்கள் வாசல் கல். பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்த கல் அது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம், தென்சென்னையின் மழைவெள்ளம் போய்ச் சேரும் தாழ்வான நிலம். அங்கே ஓரத்தை மேடாக்கினால் தண்ணீர் திரும்பி நம் தெருவுக்குத்தான் வரும். அந்தக் குவியலில் எங்கள் பெயர் இருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இடிபாட்டைப் பிரித்து உரிய இடத்தில் சேர்க்கும் பொறுப்பு அதை உண்டாக்கியவருடையது என்று 2016-ல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே சொல்லிவிட்டன. லாரி யாருடையதாக இருந்தாலும் நோட்டீஸ் வீட்டுக்காரருக்கும் வரலாம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து ஜல்லியும் மணலுமாக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண்ணோடு எடைமேடைச் சீட்டும், கொட்டுமிடத்தில் எடுத்த படமும் வந்தால்தான் வாடகை என்று எழுதி வாங்குங்கள். யாராவது ஏரியிலோ காலி மனையிலோ கொட்டுவதைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை உடைக்கவும் விடாதீர்கள், நிரப்பவும் விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, அதைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

நிரப்பும்போது பேஸ்மெண்ட் சுவரின் உள்பக்கம் அரையடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். ஒரு கோடு மூடியதும் வேலை நிற்க வேண்டும், தண்ணீரும் மண்ணை இடித்து இறுக்கும் ராம்மரும் வந்து போன பிறகுதான் அடுத்த லோடு. ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது இடிப்பதாகாது. சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வரவழைத்து, சிறு குழி எடுத்து மணல் நிரப்பி அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். அதே மண்ணை ஆய்வகத்தில் இடித்தால் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்தால் தைரியமாக டைல்ஸ் போடலாம். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு அறையின் டைல்ஸ் விலைகூட வராது.

நாங்கள் இப்போது ஹால் தரையை முழுதாக எடுத்துவிட்டோம். களிமண்ணையும் பலகைகளையும் வாரி பெருங்குடிக்கு அனுப்பியாகிவிட்டது, சீட்டுகள் கையில் இருக்கின்றன. செங்கல் உடைசலும் கிராவலும் கலந்து மூன்றாவது அடுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கையறைகளை அடுத்த மாதம் தோண்டப் போகிறோம்.