கழியர் எப்படித் திட்டுவார்கள்? கற்பனை மக்களுக்குப் பழமொழி செய்ய மூன்று வழிகள்

மாய உலகக் கதை எழுதுகிறவர்கள் தங்கள் மக்களுக்குப் பழமொழி உண்டாக்க மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். நம்மிடம் உள்ள பழமொழியில் ஓரிரு சொல்லை மாற்றுவது முதல் வழி. அந்த மக்களின் பிழைப்பிலிருந்து புதிதாக எடுப்பது இரண்டாவது. அவர்கள் ஊரில் என்றோ நடந்ததாக ஒரு சம்பவத்தைக் கற்பித்து, அதன் மிச்சமாக ஒரு சொலவடையை விட்டுவைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மக்கள் மேல் போட்டுப் பார்த்தால்தான் எது எங்கே தாங்கும் என்று தெரியும்.

அந்த மக்களுக்குக் கழியர் என்று பெயர் வைப்போம். சுரபுன்னைக் காட்டுக்குள், உப்பங்கழி ஓரம், கால் நட்டுக் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள். கோடையில் ஆற்றில் வரத்து குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் நாறும், மீன் சாகும். குடிக்க, மணலில் தோண்டிய ஊற்றுதான். கெடிலத்தையும் பிச்சாவரத்தையும் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் வழியில் கழியர் "கழி தெரியாமல் துடுப்பை விடாதே" என்பார்கள். பொருள் உடனே புரிகிறது, சிக்கலும் அதுதான். அடியில் "ஆழம் தெரியாமல் காலை விடாதே" ஓடிக்கொண்டிருக்கிறது, தமிழ்க் காது அதை உடனே பிடித்துவிடும். யானைக்குப் பதிலாக நாகத்தையும் மணியோசைக்குப் பதிலாகப் புகையையும் போட்டு "நாகம் வரும் பின்னே, புகை வரும் முன்னே" என்று எழுதினால் சிரிப்புதான் வரும். ஒரே ஒரு பக்கம் வந்து போகிற படகோட்டிக்கு இது போதும். நாயகியின் அத்தை வாயில் வைத்தால் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது வழியில் "ஆற்றுவாய் அடைத்தால் அடுப்பு அணையும்" என்று ஒன்று கிடைக்கிறது. மோனை இருக்கிறது, வாயில் நிற்கிறது. ஆனால் இப்படியே விட்டால் இது வெறும் தகவல். கழியரிடம் முகத்துவாரம் அடைத்தால் பட்டினி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பழமொழி ஆவது, மீனுக்கும் மணலுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் புழங்கும்போதுதான். புருஷனோடு சண்டை போட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருக்கும் மகளிடம் அம்மா சொல்லட்டும்: "ஆற்றுவாய் அடைத்தால் அடுப்பு அணையும்டி, போய்ப் பேசு."

தொல்காப்பியம் முதுமொழிக்குச் சொல்லும் இலக்கணத்தில் நுண்மை, சுருக்கம் முதலானவற்றோடு, குறித்த பொருளை முடிப்பதற்கு வரும் "ஏது நுதலிய முதுமொழி" என்ற பேச்சும் வருகிறது. பேசுகிறவர் ஒரு விஷயத்தை முடிக்க வருகிறார், அதற்குக் காரணமாக இதை இழுக்கிறார். எழுதிய உரையாடலைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. பழமொழியை எடுத்துவிட்டுப் படியுங்கள். வாதம் ஒன்றும் குறையவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு ஒட்டியது.

பிழைப்பு வழியின் இன்னொரு பலவீனம், எல்லாச் சொலவடையிலும் மீன் நாறத் தொடங்குவது. தேவனாம்பட்டினத்தில் கரையில் உட்கார்ந்து வலை சீர் செய்பவர்கள் பாடு எப்படி, காற்று எப்படி என்று பேசுவார்கள்தான். அப்புறம் கடன், பிள்ளை படிப்பு, மருமகள் என்று பேச்சு ஊருக்குப் பொதுவான பக்கம் போய்விடும். கழியரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்கு உழைப்பு அதிகம். சம்பவம் இது: ஒரு வருடம் முகத்துவாரம் அடைத்துக் கிடக்கிறது. ஆண்கள் பகலில் கூடி, கடல் ஏறும் நேரத்தில் வெட்டுகிறார்கள், வெட்ட வெட்ட மணல் மூடுகிறது. நாச்சி என்ற கிழவி, கடல் வற்றும் நேரம் பார்த்து, இரவில் தனியாகப் போய்க் கொட்டாங்குச்சியால் ஒரு சாண் அகலத்துக்குக் கீறிவிடுகிறாள். உள்ளே தேங்கிய நீர் கடலைவிட உயரத்தில் நின்றதால், அந்தக் கீறல் வழியே இறங்கி, ஓடும் வேகத்தில் கரையை அரித்துத் தானே வாய்க்காலை அகலமாக்கிக்கொள்கிறது. இந்த இடத்தில் மாயம் எதுவும் இல்லை. மணல் திட்டை வெட்டிவிடுகிறவர்கள் நிஜமாகவே இப்படித்தான் நேரம் பார்ப்பார்கள்.

சம்பவம் நடந்த புதிதில் ஊர் சொல்லியிருக்கும்: "நாச்சி கீறினாள் கொட்டாங்குச்சியால், மீதியைக் கீறியது ஆறு." நூறு வருடம் போனால் இத்தனை நீளம் நிற்காது. நாமே "ஆடத் தெரியாதவளுக்கு..." என்று இழுத்துவிட்டு நிறுத்துகிறோமே. கழியர் வாயில் தேய்ந்து மிஞ்சுவது "நாச்சிக்குக் கொட்டாங்குச்சி போதும்." அதையும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். சின்னதாகத் தொடங்கத் தயங்குகிறவனுக்கு அது தைரியம். அரைகுறைக் கருவியோடு வீடு கட்ட வந்தவனைப் பார்த்துச் சொன்னால் கிண்டல்: "ஆமாம், நாச்சிக்குக் கொட்டாங்குச்சி போதும்!" ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டும்போதுதான் அது பலர் வாயில் புழங்கிய பேச்சாகத் தோன்றும். நாச்சி யார் என்று கதையில் விளக்கவே வேண்டாம். விளக்கினால் எழுத்தாளரின் குறிப்பேடு தெரிந்துவிடும். பழமொழிக்கு என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

சாபத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது, இங்கே பிழைப்பு வழி ஜெயிக்கிறது. கோபத்தில் இருப்பவனுக்குப் பழங்கதை நினைவுக்கு வராது, பயப்படுவதுதான் வாயில் வரும். "ஆழித்தேவன் உன்னை விழுங்கட்டும்" என்று சாமி பெயரைப் புதிதாகச் செய்து திட்ட வைக்கிறார்கள், வாசகருக்கு அது உறைப்பதில்லை. "உன் ஊற்று கரிக்க!" என்றால் உறைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் கிணற்றுத் தண்ணீர் கரித்துப் போனதை அறிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

சாபம் ஒரு மக்களின் உலகம் எதுவரை என்பதையும் காட்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் தர்மத்துக்குத் தீங்கு செய்கிறவன் "கங்கையிடைக் குமரியிடை" செய்தார் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்று வரும். கங்கையும் குமரியும் அவர்களுக்கு எல்லைக்கோடு. கழியருக்கு எது எல்லை? "கடைசிச் சுரபுன்னைக்கு அப்பால் உன் பாடை போக" என்று ஒருத்தி சொன்னால், காட்டுக்கு வெளியே புதைக்கப்படுவதுதான் அவர்களுக்குப் பெரிய இழிவு என்று தெரிந்துவிடும். ஆனால் சாபத்தில் படி வேண்டும். பாத்திரம் விழுந்தால் "கரிப்பு!" என்று முணுமுணுப்பு, சண்டையில் "ஊற்று கரிக்க". பாடைச் சாபம் நாவல் முழுவதும் ஒரே முறை. அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் பதறி "வாயைக் கழுவு" என்று சொல்ல வேண்டும். மண்ணை வாரித் தூற்றுவது போல ஒரு செய்கையும் இருந்தால் நல்லது.

வாழ்த்துக்கு நான் கேலி செய்த முதல் வழியே போதும். வாழ்த்து எங்கும் வார்ப்புதான், யாரும் பொருள் பார்த்துச் சொல்வதில்லை. "பதினாறும் பெற்று" என்று வாழ்த்துகிறோம், அந்தப் பதினாறு எவை என்று கேட்டால் பல பேர் பிள்ளைக் கணக்கு என்பார்கள். அந்த வார்ப்பை எடுத்து "ஏழு ஊற்றும் இனிக்க" என்று ஊற்றிவிடலாம். எந்த ஏழு என்று கழியருக்கே சரியாகத் தெரியக் கூடாது. இரண்டு கிழவர்கள் கல்யாண வீட்டில் அதற்காகச் சண்டை போடலாம்.

எண்ணிக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. முழு நாவலுக்குப் பழமொழி மூன்று நான்கு, சாபம் மூன்று படி, வாழ்த்து இரண்டு இருந்தால் தாராளம். அவையே திரும்பத் திரும்ப வெவ்வேறு வாயில் வரட்டும். வெளியூரிலிருந்து வந்த பாத்திரம் ஒன்று இருந்தால் அவன் தப்பாகச் சொல்லட்டும். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் "ஏழு ஊற்றும் இனிக்க" என்று சொல்ல, பக்கத்தில் இருக்கும் கிழவி முழங்கையால் இடிக்கிறாள்: "அது பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொல்றது தம்பி. சும்மா உட்காரு."