சர்க்கரை இறங்கினால்: ஜூஸா, மாத்திரையா, சீனியா?

குழப்பம் வேண்டாம். சர்க்கரை என்றால் இங்கே ரத்தத்தில் இருப்பது, சீனி என்றால் டப்பாவில் இருப்பது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் கணக்கு இதுதான்: வேகமாக ரத்தத்தில் சேரும் மாவுச்சத்து 15 கிராம் எடுக்க வேண்டும், 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும், அப்போதும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15. ஒரு கிராம் குளுக்கோஸ் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3 புள்ளி ஏற்றும். ஆளுக்கு ஆள் இது மாறும்.

சீனியில் நான் ஏமாந்தது ஸ்பூனால்தான். ஒரு நாள் இரவு 2 மணிக்கு மீட்டர் 58 காட்டியது. கை நடுக்கத்தில் குவியலாக நாலு ஸ்பூன் தண்ணீரில் போட்டுக் குடித்தேன். படபடப்பு அடங்கவில்லை என்று ஐந்தே நிமிடத்தில் இன்னும் இரண்டு. விடியற்காலையில் 230. அப்புறம் தராசில் வைத்துப் பார்த்தேன்: தலைதட்டிய டீஸ்பூன் 4 கிராம், குவித்தது 7 கிராம். அதாவது 15-க்குப் பதில் 42 கிராம் உள்ளே போயிருக்கிறது! 15 கிராம் என்றால் 58-லிருந்து நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். தலைதட்டி நாலு ஸ்பூன் போதும். சர்க்கரை ஏறிய பிறகும் நடுக்கம் கொஞ்ச நேரம் நிற்கும். அதை நம்பி அடுத்த ஸ்பூனை எடுக்கக் கூடாது.

குளுக்கோஸ் மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்று 4 கிராம் என்றால் நாலு மாத்திரை, கணக்கு முடிந்தது. சிலவற்றில் அளவு குறைவு, அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அது கல்லீரல் வழியாகச் சுற்றித்தான் வரும்; மாத்திரை முழுக்கக் குளுக்கோஸ், அதனால் வேகமும் அதிகம். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு இதுவே சரியான வழி. அந்த மருந்துகள் குடலில் சீனி உடைவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸை ஒன்றும் செய்யாது. மாத்திரை கிடைக்காத ஊரில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி, 15 கிராம் பொட்டலங்களாக எடைபோட்டு வைக்கலாம்.

ஜூஸ் விழுங்க எளிது, நாக்கு வறண்டிருக்கும்போது இதமாகவும் இருக்கும். ஆனால் 200 மில்லி பாக்கெட்டை முழுதாகக் குடித்துவிடுவோம். பின்பக்கம் 100 மில்லிக்கு 12 கிராம் என்றிருந்தால் அது 24 கிராம்; நமக்கு வேண்டியது 125 மில்லிதான். சீனி சேர்க்காத 'டயட்' பானம் என்றால் ஒன்றும் ஏறாது. சிறுநீரகக் கோளாறில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம்.

சாக்லேட் இந்தப் போட்டியிலேயே இல்லை, கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும்.

என் தலையணைக்குப் பக்கத்திலும் சட்டைப்பையிலும் இப்போது மாத்திரைதான். சீனி சமையலறையோடு சரி. நினைவு தப்பியவருக்கு மட்டும் மூன்றில் எதையும் வாயில் ஊற்றவோ திணிக்கவோ கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு அழையுங்கள்.