எண் மறைந்தால் எதை மாற்றுவது: உயரமா, வெளிச்சமா, கூலிங் கிளாஸா?

புதுக் காரை எடுத்த மூன்றாம் நாள், நல்ல உச்சி வெயில். முன்கண்ணாடியில் மிதந்துகொண்டிருந்த வேக எண்ணைக் காணோம். ஓரமாக நிறுத்தி, மெனுவுக்குள் போய், அந்த எண்ணைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயின் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. உயரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. ஃபியூஸ் போய்விட்டது என்றே முடிவு கட்டி, வியர்வையைத் துடைக்கக் கூலிங் கிளாஸைக் கழற்றினேன். எண் அதே இடத்தில் பளிச்சென்று நின்றது.

அன்று நான் தொட்ட இரண்டு அமைப்புகளுக்கும் அந்தக் கோளாறில் பங்கே இல்லை. ஆனால் எது எதற்கு உதவும் என்று தெரியாமல் போனால், பலரும் என்னைப் போலவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகிக் குழப்பிக்கொள்வார்கள்.

முதலில் உயரம். டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னத் திரையும், அதன் படத்தை முன்கண்ணாடிக்கு அனுப்பும் ஒரு குழிவான கண்ணாடியும் இருக்கின்றன. உயரப் பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டி மோட்டார் அந்தக் குழிகண்ணாடியைச் சற்றே சாய்க்கும், அவ்வளவுதான். படம் தெளிவாகத் தெரிய உங்கள் கண் ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்துக்குள் இருக்க வேண்டும். பல கார்களில் அது அகலத்தில் ஒரு சாண் கூடத் தேறாது, உயரத்தில் மூன்று நான்கு விரல் அகலம்தான். பொத்தான் செய்வது அந்தப் பெட்டியை உங்கள் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவது. எனவே உயரம் தவறியிருப்பதற்கு அடையாளம் எண்ணின் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ வெட்டுப்பட்டுத் தெரிவது. தலையை இரண்டு விரல் அளவு தூக்கினாலோ தாழ்த்தினாலோ முழு எண்ணும் வந்துவிட்டால், கோளாறு உயரத்தில்தான். சீட்டைச் சரிசெய்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். சீட்டை ஏற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எண் சாலையின் நடுவில், முன்னே போகும் வண்டியின் மேல் உட்காராமல், பானெட் விளிம்புக்குச் சற்று மேலே நிற்குமாறு வைத்தால் பார்வைக்குத் தொந்தரவு இல்லை.

வெளிச்சம் வேறு கதை. பெரும்பாலான கார்களில் ஒளி உணரி ஒன்று வெளியே எவ்வளவு வெயில் என்று பார்த்து, படத்தின் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. நீங்கள் மெனுவில் தொடுவது அந்தத் தானியங்கி அளவுக்கு மேலோ கீழோ ஒரு சின்ன மாற்றம் மட்டுமே. உச்சி வெயிலில் அது ஏற்கெனவே உச்சத்தை நெருங்கியிருக்கும். நீங்கள் மேலே ஏற்றினால் பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில்தான் அந்தத் தவறு தெரியவருகிறது: எண்ணைச் சுற்றி மங்கலான சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்று மிதக்கும். அது திரையின் பின்விளக்கு கசிவது. அதைக் கண்டால் வெளிச்சத்தை இரண்டு படி இறக்குங்கள். இரவில் அந்தச் செவ்வகத்துக்குப் பின்னால் நடந்து போகிறவர் தெரியமாட்டார். அன்று பகலில் நான் ஏற்றியதை அன்றிரவே இறக்கினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுப்பட்டால் உயரம், எண் முழுதாக இருந்தும் வெளிறிப் போனால் வெளிச்சம். முழுதாகவே காணாமல் போனால் உங்கள் மூக்கின் மேல் இருப்பதைச் சந்தேகியுங்கள்.

காரணம் முன்கண்ணாடியின் சாய்வில் இருக்கிறது. ஒளி என்பது அலை. அது மேலும் கீழுமாக அதிரலாம், பக்கவாட்டாகவும் அதிரலாம். டேஷ்போர்டிலிருந்து வரும் ஒளி முன்கண்ணாடியில் படும் கோணம் மிகவும் சாய்வானது, 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் அந்தக் கோணத்தில் பக்கவாட்டு அதிர்வில் 100-க்கு ஏறத்தாழ 24 பங்கு திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. மேலும் கீழுமாக அதிரும் ஒளியில் திரும்புவது வெறும் ஒரு பங்கு. ஆகவே நீங்கள் பார்க்கும் எண் முழுக்கப் பக்கவாட்டு ஒளியாலேயே ஆனது என்று சொல்லிவிடலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸின் வேலையே அந்தப் பக்கவாட்டு ஒளியை மறிப்பதுதான். ஈரச் சாலையிலும் தண்ணீரிலும் பட்டுக் கண்ணைக் கூசும் பளபளப்பும் அதே வகை ஒளி. கூசலையும் எண்ணையும் பிரித்துப் பார்க்க அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது.

நம்பிக்கை இல்லையென்றால் கூலிங் கிளாஸைக் கையில் பிடித்து எண்ணுக்கு முன் வைத்து மெல்லத் திருப்புங்கள். கால் வட்டம் திருப்பியதும் எண் முழுசாக வந்து நிற்கும். தலையைச் சாய்த்தாலும் வரும், ஆனால் கஞ்சத்தனமாக: 20 டிகிரி சாய்த்தால் முழு வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு, 30 டிகிரிக்கு நாலில் ஒரு பங்கு, 45 டிகிரிக்குத்தான் பாதி. 45 டிகிரி தலையைச் சாய்த்துக்கொண்டு யார் வண்டி ஓட்டுவது?

சரி, போலரைஸ்டு வேண்டாம், சாதாரணக் கருப்புக் கண்ணாடி போட்டால்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். வெயிலுக்குப் போடும் 3-ஆம் பிரிவுக் கண்ணாடி 100-க்கு 8 முதல் 18 பங்கு ஒளியை மட்டுமே விடும். அதைப் போட்டால் எண்ணும் மங்கிவிடுமே என்று நினைத்தேன். மங்குகிறது, ஆனால் பின்னால் தெரியும் சாலையும் அதே அளவுக்கு மங்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாததால் எண் முன்பு போலவே படிக்கக் கிடைக்கிறது. போலரைஸ்டு போட்டால் சாலை மட்டும் ஓரளவு தெரிகிறது, எண் மட்டும் அதைவிடப் பல மடங்கு கரைந்து போகிறது. அந்தக் குறையை வெளிச்சத்தைக் கூட்டி ஈடுகட்ட வேண்டுமானால் பத்து மடங்குக்கும் மேல் தேவைப்படும். மெனுவின் கடைசிப் படியில் அத்தனை இருப்பு கிடையாது.

கூசல் முற்றிலும் ஒழிய வேண்டும் என்பவருக்குப் போலரைஸ்டுதான், அதில் விவாதமில்லை. மழைக்குப் பின் வெயில் அடிக்கும் சாலையிலும் நீர்நிலையை ஒட்டிய சாலையிலும் அதற்கு ஈடே இல்லை. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் தெரிவதும் பெரும்பாலும் மறைந்துபோகும். அப்படிப்பட்டவர் வேகத்தைப் பழைய முறையில் ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திரையையும் ஒருமுறை கூலிங் கிளாஸோடு பார்த்துவிடுங்கள், சில கோணங்களில் எல்.சி.டி. திரைகளும் கருத்துவிடும். எண்ணை நம்பி ஓட்டுபவராக இருந்தால் சாதாரணக் கருப்புக் கண்ணாடிதான் என் தேர்வு. காரில் நான் போலரைஸ்டு வைத்துக்கொள்வதில்லை, நடைப்பயிற்சிக்கு மட்டும் எடுத்துப் போகிறேன்.

கூலிங் கிளாஸை மாற்ற மனமில்லாதவர்களுக்கு காரின் பக்கம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்கண்ணாடியில் சிறப்புப் பூச்சு பூசி, மேலும் கீழுமாக அதிரும் ஒளியையே திருப்பியனுப்பச் செய்வது. கூலிங் கிளாஸ் அதைத் தடுக்காது. ஆனால் அது தயாரிப்பிலேயே இருக்க வேண்டும், பிறகு சேர்க்க வழியில்லை. அப்படிப்பட்ட முன்கண்ணாடி உடைந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும், இல்லையேல் எண் மங்கிவிடும். மற்றொன்று, டேஷ்போர்டின் மேல் எழுந்து நிற்கும் சின்னத் தகட்டில் படம் காட்டும் வகை. அந்தத் தகட்டைத் தயாரிப்பாளர் தமக்கு வேண்டிய சாய்வில் வைத்து, வேண்டிய பூச்சும் பூசலாம் என்பதால் எண் தப்பிக்க வாய்ப்பு கூடுதல். வாய்ப்புதான், உறுதி அல்ல. திரையிலிருந்து வரும் ஒளி எப்பக்கம் அதிர்கிறது என்பதைப் பொறுத்துச் சிலவற்றில் எண் தெரியும், சிலவற்றில் பாதியாக மங்கும்.

கார் வாங்கப் போகும்போது உங்கள் கூலிங் கிளாஸையும் கையோடு எடுத்துப் போங்கள். ஷோரூமின் நிழலில் அல்ல, வெயிலில் நிறுத்தி, சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டு ஒருமுறை மாட்டிப் பாருங்கள், ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.