திங்கட்கிழமை லீவு: பேசுவதா, பதிவேட்டைப் பார்ப்பதா?

தையல் யூனிட்டில் சொல்லாமல் லீவு எடுப்பவரிடம் திரும்பி வந்த அன்றே, மெஷினில் உட்காரும் முன் தனியாகப் பத்து நிமிடம் பேசலாம். இல்லை, வருகைப் பதிவேட்டில் கிழமைகளைப் பார்க்கலாம்.

பதிவேடு மட்டும் என்றால் அவசரப்பட்டுவிடுவோம். வாரம் ஆறு நாள் வேலையில், ஆறு லீவில் ஒன்று திங்களில் விழுவது இயல்பு. ஓர் அக்காவுக்கு ஆறில் நான்கு திங்கள்; சோம்பல் என்றே சூப்பர்வைசர் முடிவுகட்டினார். "திங்கட்கிழமைதான் அதிகமா வர முடியலையேக்கா, என்ன சிரமம்?" என்று கேட்ட பிறகே தெரிந்தது: அப்பாவுக்கு டயாலிசிஸ். வியாழக்கிழமை தம்பி கூட்டிப்போகிறார், திங்கட்கிழமை இவர்தான். திங்களில் மட்டும் மதிய ஷிப்ட் கொடுத்தோம்.

சரி, பேச்சு மட்டும் போதுமா? தேதிகள் கையில் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தனிக் காய்ச்சலாகவே தெரியும். நான் முதல் லீவிலிருந்தே எல்லோரிடமும் பேசுவேன். மூன்றாவதிலிருந்து தேதிகளையும் முன்னால் வைத்துப் பேசுவேன்.