மின்சைக்கிள் பேட்டரி: ‘புது செல்’ என்ற பேச்சை நம்பி 220 வெள்ளி போனது

ஈசூன் பக்கம் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். மூன்று வருடத்தில் என் 36 வோல்ட் பேட்டரி தளர்ந்துவிட்டது. 45 கிலோமீட்டர் ஓடிய வண்டி 20இலேயே நின்றது. வண்டியை விற்ற கடை இப்போது இல்லை. டயர், பிரேக் பார்க்க ஆள் உண்டு, பேட்டரியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். நண்பர் சொன்ன ஒரு தொழிற்பேட்டைக் கடைக்குப் போனேன்.

“தம்பி, நாற்பது செல்லையும் புதுசா மாத்திடுறேன், 220 வெள்ளி” என்றார் கடைக்காரர். மறுநாளே புது உறை போட்டுப் பளபளவென்று கொடுத்தார். ரசீதில் ‘பேட்டரி சர்வீஸ்’ என்று மட்டும் இருந்தது. பழைய செல்களைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே 18 கிலோமீட்டரில் வண்டி பொட்டென்று நின்றது. ‘பழகப் பழகச் சரியாகும்’ என்றார். ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

என் பேட்டரியில் நாற்பது செல்களும் நான்கு நான்காகப் பத்துக் கூட்டங்களாகி, அந்தக் கூட்டங்கள் வரிசையாக இணைந்திருக்கும். முழுதாக ஏறினால் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42. என் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் மீட்டர் 40.4தான் காட்டியது. அப்புறம் வண்டி நிற்கும்வரை ஓட்டிவிட்டு உறையைப் பிரித்து அளந்தார். ஒன்பது கூட்டங்களில் 3.7 வோல்ட் அளவில் இருந்தது, ஒன்றில் மட்டும் 2.8. அந்தப் பலவீனமான கூட்டம் முதலில் நிறைந்து சார்ஜை நிறுத்துகிறது, ஓடும்போது முதலில் காலியாகி வண்டியையும் நிறுத்துகிறது. மற்ற ஒன்பதில் மின்சாரம் மிச்சமிருந்தும் பயனில்லை. அந்தக் கூட்டத்தின் நான்கு செல்களின் முனையில் பழைய வெல்டிங் தடத்தின் மேலேயே புதிதாக வெல்டிங் செய்திருந்தது. வேறொரு பேட்டரியிலிருந்து பிடுங்கியவை. மற்ற முப்பத்தாறும் என் பழைய செல்களேதான்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இதை வீவக வீட்டுக்குள், பிள்ளைகள் தூங்கும் அறைக்கு வெளியே, இரவெல்லாம் சார்ஜில் போட்டிருந்தேன். அசல் அல்லாத பேட்டரி வேண்டாம், இரவு முழுக்கச் சார்ஜில் விடவேண்டாம் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த வேலைக்கு நான் சம்மதித்ததே தவறு.

யாராவது செல் மாற்றித் தருகிறேன் என்றால், உறை போடுமுன் பத்துக் கூட்டங்களையும் உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். முழு சார்ஜில் ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள். ஓடி முடித்த பிறகும் அளக்க வேண்டும், பலவீனமான கூட்டம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். ரசீதில் எத்தனை செல், என்ன வகை என்று எழுதி வாங்குங்கள், பழைய நாற்பதையும் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அந்தக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. என் வண்டியின் அதே நிறுவனப் பேட்டரியை வேறொரு விற்பனையாளரிடம் வாங்கி, பழையதை அவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.